ஐயாயிரம் ஐயாயிரமாக எடுத்த 48,000

2025 ஜனவரி முதல் வாரம் என் அக்கா கொழிஞ்சாம்பாறையிலிருந்து போன் செய்தாள். "தம்பி, பையன் கார்டுக் கடன் அறுபத்தேழாயிரம்ங்கறான். அவன் வாங்குன சாமான் ஒண்ணும் வீட்டுல காணோம். நீ வந்து அந்தக் காயிதத்தைப் பாரு" என்றாள். நான் கேரள-தமிழ்நாடு எல்லையில், வேலந்தாவளம் பக்கம் மண்டிக்காரர்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். வங்கி ஸ்டேட்மென்ட் படிப்பதுதான் எனக்குத் தினசரி வேலை. அன்று மாலையே போனேன்.

அக்கா மகனுக்கு 27 வயது. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர், கைக்கு வருவது 34,000 ரூபாய். கிரெடிட் கார்டு வாங்கி மூன்று வருடமாகியிருந்தது. பெட்ரோலுக்கும் மளிகைக்கும் மாதம் ஆறாயிரம் போல இழுப்பான், தேதிக்கு முன்பே முழுசாகக் கட்டிவிடுவான். கார்டின் மொத்த வரம்பு 1,20,000. அதில் 40 சதவீதம், அதாவது 48,000 வரை, ஏடிஎம்மில் பணமாக எடுக்கலாம். இந்த இரண்டாவது வரம்பு இருப்பதே அந்த நவம்பர் வரை அவனுக்குத் தெரியாது. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

நடந்தது இதுதான். 2024 தீபாவளி அக்டோபர் 31. போனஸ் வந்தது. ஷிப்டில் கூட வேலை செய்கிறவர்கள் போனில் ரம்மி விளையாடுவதைப் பார்த்து இவனும் ஆரம்பித்தான். அப்போது எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பணம் வைத்து ஆன்லைன் ரம்மி ஆடத் தடை இல்லை. கேரள அரசு 2021இல் போட்ட தடையை அதே ஆண்டு உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. தமிழ்நாட்டுச் சட்டத்திலிருந்து ரம்மியையும் போக்கரையும் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விலக்கிவிட்டது. இரண்டு நாளில் போனஸ் பணம் போய்விட்டது. போனதைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியதும் கார்டு நினைவுக்கு வந்திருக்கிறது. ஆப்பில் நேராகக் கார்டைப் போட்டுப் பார்த்தான், வங்கி மறுத்தது. அந்த மறுப்போடு நின்றிருக்கலாம். ஆனால் நவம்பர் 2, சனிக்கிழமை ராத்திரி வண்டியை எடுத்துக்கொண்டு ஏடிஎம்முக்குப் போய், பின் நம்பர் போட்டு 5,000 எடுத்தான். பக்கத்திலேயே இருந்த பணம் போடும் மெஷினில் அதைத் தன் சேமிப்புக் கணக்கில் போட்டு, யுபிஐ வழியாக ஆட்டத்துக்கு அனுப்பினான். ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி அதே ஏடிஎம், இன்னொரு 5,000.

ஸ்டேட்மென்ட்டை நான் பேனா வைத்துக் கோடு போட்டுப் படித்தேன். நவம்பர் 2இல் இரண்டு தடவை, 3இல் இரண்டு, 9இல் இரண்டு, 10இல் இரண்டு. எல்லாம் ஐயாயிரம். 16ஆம் தேதி 3,000. 17ஆம் தேதி கடைசியாக 5,000. மொத்தம் பத்து தடவை, 48,000. அதோடு பண வரம்பு தீர்ந்தது, ஏடிஎம் கை விரித்தது. நடுவில் ஒரு ராத்திரி ஆப்பில் 11,000 வரை ஏறியதாம். வெளியே எடுக்கவில்லை.

"ஏன் கண்ணு எல்லாம் ஐயாயிரம் ஐயாயிரமா எடுத்திருக்கே?" என்று கேட்டேன்.

"அஞ்சாயிரம் போனா நிறுத்திக்கலாம்னுதாங்க மாமா. மொத்தமா எடுத்தா மொத்தமாப் போயிருமேன்னு பயம்" என்றான்.

அவன் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளச் செய்த அந்த ஏற்பாடுதான் கட்டணத்தை நாலு மடங்காக்கியது. கார்டில் பணம் எடுத்தால் வங்கி வாங்கும் கட்டணம் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும்: எடுத்த தொகையில் 2.5 சதவீதம், அல்லது 500 ரூபாய், இதில் எது அதிகமோ அது. வங்கிக்கு வங்கி இந்த எண்கள் கொஞ்சம் மாறும், அமைப்பு மாறாது. ஐயாயிரத்துக்கு 2.5 சதவீதம் 125 ரூபாய்தான். ஆனால் 500க்குக் குறையாது. மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி 90 ரூபாய். ஆக ஒவ்வொரு தடவையும் 590. அவன் கார்டில் இந்த 2.5 சதவீதம் வேலை செய்ய வேண்டுமென்றால் ஒரே தடவையில் 20,000க்கு மேல் எடுத்திருக்க வேண்டும். அதற்குக் கீழே எவ்வளவு எடுத்தாலும் தட்டையான 500தான்.

பத்து தடவைக்கு 5,900 ரூபாய். ஒரே தடவையில் 48,000 எடுத்திருந்தால் 1,416தான் வந்திருக்கும். அந்த 3,000 ரூபாய் எடுத்த நாளில் கட்டணம் மட்டும் கிட்டத்தட்ட 20 சதவீதம். மொத்தமாக எடுத்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. சூதாட்டத்துக்குப் பணம் எடுப்பது துண்டு துண்டாகத்தான் நடக்கும். தோற்ற பிறகு கொஞ்சம், ஜெயிக்கிற மாதிரி இருந்தால் இன்னும் கொஞ்சம். இந்தக் குறைந்தபட்சக் கட்டணமோ துண்டு துண்டாக எடுப்பவரைத்தான் அதிகம் அடிக்கும். ரம்மிச் சீட்டைத் தொடுவதற்கு முன்பே 5,000த்துக்கு 5,590 கடன். இது ஏடிஎம் சீட்டில் தெரியாது. அவன் பர்ஸில் இன்னும் மூன்று சீட்டுகள் இருந்தன, எழுத்து பாதி அழிந்து. எடுத்த தொகை இருக்கிறது, மிச்ச வரம்பு இருக்கிறது, கட்டணம் பற்றி ஒரு சொல் இல்லை. அது ஸ்டேட்மென்ட்டில்தான் வரும்.

வட்டி எந்த நாளில் ஆரம்பித்தது

பொருள் வாங்கினால் கார்டில் வட்டியில்லாத நாட்கள் உண்டு. முழுசாகக் கட்டினால் ஒரு பைசா வட்டி இல்லை. மூன்று வருடமாக அப்படியே பழகியதால், பணம் எடுத்தாலும் டிசம்பர் வரை அவகாசம் இருக்கிறது என்று நினைத்துவிட்டான். பணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அவன் கார்டில் மாதம் 3.5 சதவீதம், வருடத்துக்கு 42. வட்டிக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு.

அவனுக்கு ஸ்டேட்மென்ட் மாதம் 20ஆம் தேதி போடுவார்கள், கட்ட வேண்டிய தேதி அடுத்த மாதம் 9. நவம்பர் 20இல் வந்த கணக்கு இப்படி: எடுத்த பணம் 48,000, கட்டணம் 5,900, அதற்குள் ஏறிய வட்டியும் வரியும் 797, வழக்கமான மளிகை, பெட்ரோல் 6,200. கூட்டினால் 60,897.

இதற்கு மினிமம் தொகை 9,407 என்று போட்டிருந்தது. இங்கேதான் இரண்டாவது தவறு நடந்தது. எனக்குத் தெரிந்து பலரும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். மினிமம் என்றால் மொத்தத்தில் 5 சதவீதம் என்று மனதில் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அவனும் அறுபதாயிரத்துக்கு 5 சதவீதம், மூவாயிரம் என்று போட்டு, டிசம்பர் 8ஆம் தேதி 3,000 கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தான். உண்மையில் அந்த 5 சதவீதம் எடுத்த பணத்துக்கும் வாங்கிய பொருளுக்கும் மட்டும்தான். 54,200க்கு அது 2,710. கட்டணம், வட்டி, வரி எல்லாம் முழுசாக அதன்மேல் சேரும். மினிமம் மட்டும் கட்டிக்கொண்டே போனால் கடன் குறையாமல் ஏறிக்கொண்டே போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த கார்டு விதிகளில் இருக்கிறது. அதனால் பணம் எடுத்த மாதத்தின் மினிமம் வழக்கமான மாதத்தைவிடப் பல மடங்கு பெரிதாக வரும்.

"மூவாயிரம் கட்டிட்டேனுங்களே மாமா, அப்பறம் எப்படிங்க கட்டலைன்னு வரும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். 9,407 கேட்ட இடத்தில் 3,000 கட்டினால் அது கட்டாத கணக்குதான். தேதி தாண்டி மூன்று நாள் வரை வங்கி தாமதக் கட்டணம் போடக் கூடாது, சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தாமதம் என்று அனுப்பக் கூடாது. அதே விதிகள் தரும் அவகாசம் இது. டிசம்பர் 12 வரை அவனுக்கு நேரம் இருந்தது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தியும் வந்திருக்கிறது. விளம்பரம் என்று நினைத்துத் திறக்கவில்லை.

டிசம்பர் 20 ஸ்டேட்மென்ட்டில் தாமதக் கட்டணம் வரியோடு 1,298. வட்டியும் அதன் வரியும் சுமார் 2,400. அந்த 2,400இல் ஒரு பகுதி மளிகைக்கும் பெட்ரோலுக்கும் விழுந்த வட்டி. முந்தின பாக்கியை முழுசாகக் கட்டாததால் பொருளுக்கான வட்டியில்லாத நாட்களும் போய்விட்டன. நவம்பரில் வாங்கிய அரிசிக்கு வாங்கிய நாளிலிருந்து வட்டி, டிசம்பரில் போட்ட பெட்ரோலுக்குப் போட்ட நாளிலிருந்து வட்டி. கட்டிய 3,000 கட்டணத்தில் கரைந்துவிட்டது, எடுத்த 48,000 அப்படியே நின்றது. டிசம்பரில் வாங்கிய 5,500 பொருளும் சேர்ந்து மொத்தம் 67,095. அக்கா போனில் சொன்ன அறுபத்தேழாயிரம் இதுதான்.

அக்காவின் இரண்டு பவுன் சங்கிலியை வங்கியில் நகைக்கடனுக்கு வைத்தோம். வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்குக் கீழேதான் வட்டி. 67,000க்கு மாதம் 560 ரூபாய்க்குள் முடியும். கார்டில் அதே கடனுக்கு வரியோடு மாதம் 2,400க்கு மேல் போகும். நகையை வைக்கச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை. அவள் தயங்காமல் கழற்றிக் கொடுத்தாள். ஜனவரி 6ஆம் தேதி 67,095ஐயும் கட்டினோம்.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். முழுசாகக் கட்டினாலும் அடுத்த ஸ்டேட்மென்ட்டில் ஒரு தொகை வரும். டிசம்பர் 20 முதல் ஜனவரி 6 வரை ஓடிய 17 நாள் வட்டி எந்த ஸ்டேட்மென்ட்டிலும் இன்னும் ஏறவில்லை. ஜனவரி 20இல் அது 1,378 ரூபாயாக வந்தது. கடன் தீர்ந்தது என்று கார்டை அலமாரியில் வைத்தவர்கள் இந்த வால் வட்டியைக் கவனிக்காமல் விட்டு, அதற்கே தாமதக் கட்டணமும் தாமதப் பதிவும் வாங்கியதை நான் வேறு இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் கூட்டினால் 48,000க்கு அவன் கொடுத்த கட்டணம், வட்டி, வரி, அபராதம் 11,773. இரண்டு மாதம்தான்.

ஸ்கோரில் என்ன பதிந்தது

சிபில் ஸ்கோரில் "சூதாடினான்" என்று எழுதிவிடுவார்கள் என்ற பயம் அக்காவுக்கு. அப்படி ஒரு கட்டம் அந்த அறிக்கையில் இல்லை. பணம் எங்கே போனது என்பது கடன் தகவல் நிறுவனத்துக்குத் தெரியாது. ஏடிஎம்மில் எடுத்தான் என்பது தனி வரியாகக்கூட வராது. கார்டின் மொத்த வரம்பும் பண வரம்பும் இருக்கும், அன்றைய பாக்கி இருக்கும், கட்டிய தொகை இருக்கும், மாதம் மாதமாகத் தாமத நாட்கள் இருக்கும். அவனை அடித்தவை அதில் இரண்டு.

முதலாவது பாக்கி. வரம்பில் 5 சதவீதம் மட்டும் பயன்படுத்தி வந்தவன் ஒரே மாதத்தில் 50 சதவீதத்தைத் தாண்டினான். அக்டோபரில் அவன் ஆப்பில் 774 காட்டிய ஸ்கோர் டிசம்பர் நடுவில் 741. அதுவரை ஒரு தாமதமும் பதிவாகவில்லை, பாக்கி ஏறியது மட்டும்தான் காரணம்.

இரண்டாவது, அந்த மூவாயிரம். டிசம்பர் 9 கடைசித் தேதி, வங்கி மாதக் கடைசியில் தகவல் அனுப்பியபோது 22 நாள் தாமதம். அறிக்கையில் 2024 டிசம்பர் கட்டத்தில் 022 என்று விழுந்தது. ஜனவரி நடுவில் ஸ்கோர் 688.

இரண்டும் ஆறுகிற விதம் வேறு. பாக்கியைக் கட்டியதும் அதன் அடி சீக்கிரம் மறைகிறது. 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதத்துக்கு ஒரு தடவைக்குப் பதில் 15 நாளுக்கு ஒரு தடவை தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றிவிட்டதால் இன்னும் சீக்கிரம் தெரிகிறது. பிப்ரவரியில் 717க்கு வந்தது. ஆனால் 022 நகரவில்லை. மாதக் கட்டங்கள் 36 மாதத்துக்கு நிற்கும். முழுசாகக் கட்டிவிட்டோம் என்று வங்கியிடம் போய் நின்றாலும், நடந்த தாமதத்தை அவர்கள் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. தவறாகப் பதிந்திருந்தால்தான் திருத்தக் கேட்கலாம்.

இன்னொன்றையும் அப்போது பேசி முடிவு செய்தோம். நண்பன் ஒருவன், "பேசாம விட்டுடு, மூணு மாசம் கழிச்சு பேங்க்காரனே பாதிக்கு செட்டில்மென்ட்டுக்கு வருவான்" என்று சொல்லியிருக்கிறான். 90 நாள் தாண்டினால் கார்டு கணக்கு வாராக்கடனாகும். அப்புறம் பாதி கட்டி முடித்தால் அறிக்கையில் "செட்டில்டு" என்று நிற்கும், அதற்கு முன் மூன்று கட்டங்களில் தாமத நாட்கள் ஏறியிருக்கும். ஒரு 22ஐ வைத்துக்கொண்டு பிழைத்துவிடலாம், "செட்டில்டு" என்பதை வைத்துக்கொண்டு ரொம்பக் கஷ்டம்.

பிப்ரவரியில் அவன் சின்ன லாரி ஒன்று வாங்க ஃபைனான்ஸ் கேட்டான். வேலந்தாவளம் காய்கறி மண்டியில் லோடு ஓட்ட வேண்டும் என்பது இரண்டு வருடத் திட்டம். அங்கே இருந்தவர் ஸ்கோரைப் பார்த்து அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை. ஆறு மாத சேமிப்புக் கணக்கு ஸ்டேட்மென்ட்டைத்தான் விரலை வைத்துப் படித்தார். மெஷினில் 5,000 வரவு, நாலு நிமிடத்தில் ரம்மி நிறுவனத்துக்கு 5,000 பற்று. அதே மாதிரி பத்து ஜோடி. சிபில் மறைத்ததை பாஸ்புக் சொல்லிவிட்டது. 15 சதவீதம் முன்பணம் கேட்க வேண்டிய வண்டிக்கு 35 சதவீதம் கேட்டார்கள், வட்டியும் கூட. வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

இப்போது மாறியிருப்பது, மாறாதது

கார்டுக் கடனில் சூதாடுவதைத் தடுக்க வெளிநாடுகளும் முயன்றிருக்கின்றன. பிரிட்டனில் 2020 ஏப்ரல் 14 முதல் கிரெடிட் கார்டில் பந்தயம் கட்டவே முடியாது. நம் நாட்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். வங்கிகளும் பணப் பரிமாற்ற நிறுவனங்களும் அந்த ஆட்டங்களுக்குப் பணம் அனுப்ப உதவக் கூடாது என்று அதில் இருக்கிறது. அவன் ஆடிய ஆப்பில் பணம் கட்டும் வசதியே போய்விட்டது.

ஆனால் அவன் பணம் எடுத்த வழியில் எந்தக் கதவும் மூடப்படவில்லை. ஏடிஎம்முக்கு அந்த நோட்டு எதற்கு என்று தெரியாது. செப்டம்பரில் அவன் வாட்ஸப்புக்கு ஒரு செய்தி வந்தது. பணம் வைத்து ஆட "ஐடி" தருகிறோம், இந்த யுபிஐக்குப் பணம் போடுங்கள் என்று. அந்த யுபிஐ ஒரு நிறுவனத்தின் பெயரில் இல்லை, யாரோ தனியாளின் பெயரில் இருந்தது. அதை என்னிடம் காட்டிவிட்டு நம்பரைத் தடுத்துவிட்டான். இப்படி அடுத்தவர் பெயரில் வாடகைக்கு எடுத்த கணக்குகளோடு கொடுக்கல் வாங்கல் வைத்தால், சைபர் போலீஸ் அந்தச் சங்கிலியை முடக்கும்போது நம் சம்பளக் கணக்கும் சேர்ந்து முடங்கலாம்.

கார்டைப் பொறுத்தவரை இரண்டு வேலை செய்தோம். வங்கி ஆப்பில் ஏடிஎம் பயன்பாட்டை அணைத்தோம். 2020 முதல் எல்லா வங்கியும் இந்த வசதியைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அணைத்த அதே விரல் ராத்திரி பதினொரு மணிக்கு மறுபடி போட்டுவிடலாம். அதனால் பண வரம்பையே பூஜ்யமாக்கும்படி எழுதிக் கொடுத்தோம், வங்கியும் செய்துகொடுத்தது. இதை மறுபடி ஏற்ற வேண்டுமென்றால் வங்கியிடம் கேட்டு நிற்க வேண்டும், சில நாள் ஆகும். அந்தச் சில நாள்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. மனசு விட்டுப் பேச 14416க்கும் போன் செய்தான். மத்திய அரசின் டெலிமானஸ், தமிழிலேயே பேசினார்களாம். சனிக்கிழமை ராத்திரிகளில் போனை அக்காவிடம் கொடுத்துவிடுகிற பழக்கம் அதற்கப்புறம்தான் வந்தது.

2025 டிசம்பரில் அவன் ஸ்கோர் 752. நகையை மீட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து, வருடத்துக்கு ஒரு தடவை இலவசமாகத் தருகிற முழு அறிக்கையை இறக்கி, போனில் அக்காவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். வரிசையாகப் பூஜ்யங்கள், நடுவில் ஒரு 022. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கட்டத்தில் விரல் வைத்தாள்.

"இது எப்பப் போகும் தம்பி?"

"2027 டிசம்பர் முடியணும் அக்கா" என்றேன். அவன் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்று, தானும் ஒருமுறை அந்தக் கட்டத்தைப் பார்த்தான்.